எழுதப்படாத மூன்றாவது நாற்காலி

மூன்றாவது ஆள் தானாகவே வருவார் என்று எங்கள் குடும்பம் நம்பியிருந்தது.

நன்னிலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். வாய்க்கால் மடையோ பாகப் பிரிவினையோ, எதில் தகராறு வந்தாலும் பேச்சு ஒரே இடத்தில்தான் போய் நிற்கும்: "ஆளுக்கொருத்தர கூட்டிட்டு வருவோம். ரெண்டு பேரும் சொல்றதுக்குக் கட்டுப்படுவோம்." மாலை அஸர் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் முன்றிலில் நாற்காலி போடுவார்கள். போடுவது மூன்று. மூன்றாவதில் பள்ளிவாசல் நிர்வாகத்தைக் கவனிக்கும் முத்தவல்லி வந்து அமர்வார். அவரை யாரும் அழைப்பதில்லை. அழைத்தால், அழைக்காவிட்டால் அவர் வரமாட்டார் என்று நினைத்ததாகிவிடும். அது அவருக்குக் குறைவு. ஆகவே வாயால் சொல்வது இரண்டு பேர், உட்கார்ந்து தீர்த்து வைப்பது மூன்று பேர். இந்தக் கணக்கில் யாருக்கும் குழப்பம் வந்து நான் பார்த்ததில்லை. என் அண்ணனும் இந்தக் கணக்கில் வளர்ந்தவர்தான்.

அண்ணனுக்குச் சொந்தமாக ஒரு புழுங்கல் அரிசி ஆலை இருந்தது. எங்கள் தகப்பனார், அத்தா, தொடங்கி வைத்தது. ஊறல் தொட்டிகளையும் உமியில் எரியும் கொதிகலனையும் அண்ணன் பிறகு சேர்த்தார். தங்கையான நான் சட்டம் படித்துவிட்டுத் தஞ்சாவூரில் ஒரு மூத்த வழக்கறிஞரின் அலுவலகத்தில் சேர்ந்தேன். நீதிமன்றத்தில் எழுந்து நின்று வாதாடுவது எனக்கு வரவில்லை. ஆவணங்களைப் படிப்பது வந்தது. இருபது வருடங்களுக்கு மேலாக அந்த அலுவலகத்திலிருந்து வெளியே போகும் ஒப்பந்தம் எதுவும் என் மேசையைக் கடக்காமல் போனதில்லை. ஒரு அடிக்கோலை வரிக்குக் கீழே வைத்து, உதடு அசையப் படிப்பேன். கண் ஓடிவிடும், உதடு ஓடாது.

அண்ணனுக்குச் சிறுநீரகம் பழுதானபோது அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்துக்கு மூன்று நாள் தஞ்சாவூர் மருத்துவமனையில் டயாலிசிஸ். நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு கிடந்துவிட்டு எழுந்தால் மிச்சப் பகலும் அவருக்கு இல்லை. ஆலையைத் தனியாக நடத்த முடியாத நிலை வந்தது. அப்போதுதான் மும்பையில் தலைமையகம் கொண்ட ஓர் உணவு நிறுவனம் வந்தது. பத்து வருடத்துக்கு ஆலை அவர்களுக்காக மட்டும் அரைக்கும். நெல் அவர்கள் பொறுப்பு, அரவை எங்கள் பொறுப்பு. எங்கள் பக்கம் ஒப்பந்தத்தை மீறினால் ஆலையின் நிர்வாகம் மீதிக் காலத்துக்கு அவர்கள் கைக்குப் போய்விடும். அந்த ஒரு நிபந்தனைதான் எனக்கு உறுத்தலாக இருந்தது. மீறினோமா இல்லையா என்பதைத் தீர்மானிப்பவர் யார், எங்கே உட்கார்ந்து தீர்மானிப்பார் என்பதுதான் ஆலையின் தலைவிதி என்று எனக்குத் தோன்றியது.

முதல் வரைவு வந்தபோது நான் இருபத்திரண்டாவது பிரிவைத்தான் முதலில் திருப்பினேன். தகராறு வந்தால் நீதிமன்றத்துக்குப் போகாமல் நடுவர்களிடம் போவது பற்றிய பிரிவு அது. பெரும்பாலும் இந்தப் பிரிவை யாரும் புதிதாக எழுதுவதில்லை. பழைய ஒப்பந்தம் எதிலிருந்தாவது எடுத்து ஒட்டுவார்கள். ஒட்டியதன் தழும்பு தெரியும். இதிலும் தெரிந்தது. எப்போதோ ரத்தான ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதாம் ஆண்டுச் சட்டத்தின்படி நடுவர் விசாரணை நடக்கும் என்று போட்டிருந்தது. இப்போது நடப்பில் இருப்பது தொண்ணூற்றாறாம் ஆண்டுச் சட்டம். ஒப்பந்தத்தை ஆளும் சட்டம் 'மகாராஷ்டிரத்தின் சட்டங்கள்' என்றிருந்தது. 'இந்தியச் சட்டங்கள்' என்று இருக்க வேண்டும். நடுவர் ஒருவரே, அவரை நிறுவனத்தின் நிர்வாக இயக்குநர் நியமிப்பார் என்றிருந்தது. வழக்காடும் ஒரு தரப்பே தனியாக நடுவரை நியமிப்பதை நீதிமன்றங்கள் ஏற்பதில்லை. சீட் சென்னை என்று ஒரு வரி. வென்யூ மும்பை என்று இரண்டு வரி தள்ளி இன்னொன்று.

அண்ணனுக்கு நான் சீட்டையும் வென்யூவையும் மருத்துவமனைக் கட்டிலருகே உட்கார்ந்து விளக்கினேன்.

"சீட்டுங்கிறது சட்டத்துக்கு ஊரு, அண்ணே. விசாரணைய எந்த ஊர் கோர்ட்டு மேற்பார்வை பாக்கும், தீர்ப்ப எதிர்த்து எங்க போவணும், எல்லாம் அத வச்சுத்தான். வென்யூங்கிறது நாம நேர்ல போயி உட்கார்ற ஊரு."

"அப்ப எனக்கு வென்யூதான் முக்கியம்," என்றார் குழாய்கள் ஓடும் கையை அசைக்காமல். "சட்டம் எந்த ஊருக்கு வேணா போய்ட்டு வரட்டும். அதுக்கு டயாலிசிஸ் கெடையாது."

காணொளியில் பேசலாமே என்று கேட்டதற்கு, "அரிசிய கையில எடுத்துக் காட்டணும்மா, போன்ல எப்படிக் காட்டுறது," என்றார். அதையே நான் எழுதினேன். சீட் சென்னை. விசாரணை அமர்வுகள் தஞ்சாவூரில். தஞ்சாவூரில் அமர்வதால் சீட் மாறாது என்று தனியாக ஒரு வரி. அந்த வரி இல்லாவிட்டால் பின்னாளில் ஒருவர் தஞ்சாவூர்தான் சீட் என்பார், இன்னொருவர் இல்லை என்பார். நடுவர்கள் மூன்று பேர்: தரப்புக்கு ஒருவர், அந்த இருவரும் சேர்ந்து தேர்ந்தெடுக்கும் மூன்றாமவர் தலைமை நடுவர். முப்பது நாளுக்குள் தேர்ந்தெடுக்கத் தவறினால் உயர் நீதிமன்றத்தை நாடலாம். நிறுவனம் ஒருவாறு இறங்கி வந்தது. அவர்களுக்குச் சம்பா அறுவடைக்குள் ஆலை வேண்டியிருந்தது.

ஒரு காரியத்தை மட்டும் நான் செய்யவில்லை. 'மூன்று பேர்' என்று எழுதியதை அண்ணனிடம் சொல்லவில்லை. அவர் என்னிடம் சொல்லியிருந்தது, "ஆளுக்கொருத்தர், ரெண்டு பேரு போதும்" என்பது. அதை நான் வாய் திறக்காமல் திருத்திவிட்டுப் போய்விட்டேன். சரியாக எழுதிவிட்டோம், அது போதும் என்று எண்ணினேன். காகிதத்தைப் படிக்கிறவர்களுக்கு வரும் நோய் அது. காகிதத்துக்கு வெளியே இருக்கும் ஆளை மறந்துவிடுவோம்.

கையெழுத்துக்கு ஒரு புதன்கிழமை குறித்தார்கள். அண்ணனுக்கு இயந்திரம் இல்லாத நாள். மூத்த வழக்கறிஞர் நீதிமன்றத்தில் இருந்தார்; பிற்பகல் வரை வரமாட்டார். அலுவலகத்தின் உள் அறையில் அண்ணன், அண்ணி, நான், நிறுவனத்தின் சென்னைக் கிளையிலிருந்து வந்த அதிகாரி. முப்பத்தைந்து வயதுக்காரர், மரியாதை தெரிந்தவர். முத்திரைத்தாளில் அச்சிட்ட ஒப்பந்தத்தை இரண்டு பிரதிகளாகக் கொண்டு வந்திருந்தார். மாலை ரயிலுக்குப் பயணச்சீட்டு எடுத்திருந்தார்.

"எல்லா பேஜ்லயும் கீழ ஒரு கையெழுத்துங்க பாய்," என்று அண்ணன் முன் பிரதியை வைத்தார். அண்ணன் பேனாவைத் திறந்தார்.

"ஒரு தடவ படிச்சுட்டுத் தரேனே," என்றேன்.

"ரெண்டு மாசமா அதத்தான படிச்சுக்கிட்டு இருக்க," என்றார் அண்ணி. அதிகாரியைப் பார்த்துச் சிரித்தார். "தம்பி, இவ பெருநாள் பிறைய எல்லாரும் பாத்துட்டோம்னு சொன்ன பிறவும், நானும் ஒருக்கா பாத்துட்டு வரேன்னு மாடிக்குப் போறவ."

"பாக்கட்டும் மேடம், தப்பில்ல," என்றார் அதிகாரி. கைக்கடிகாரத்தையும் பார்த்துக்கொண்டார்.

அண்ணன் முதல் பிரதியில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே வர, நான் இரண்டாவது பிரதியை என் திருத்தங்கள் இருந்த பழைய தாளோடு வரி வரியாக ஒப்பிட்டேன். சட்டத்தின் ஆண்டு சரி. இந்தியச் சட்டங்கள், சரி. சீட் சென்னை, சரி. அமர்வு தஞ்சாவூர், சரி. அடுத்த வரியில் அடிக்கோல் நின்றது. நடுவர்கள் இரண்டு பேர். தரப்புக்கு ஒருவர். மூன்றாமவரைப் பற்றிய வாக்கியம் முழுவதுமே காணோம். அது இருந்த சுவடே இல்லாமல் அடுத்த வாக்கியம் மேலே ஏறி வந்து உட்கார்ந்திருந்தது.

"இத யாரு மாத்துனது?" என்றேன். நான் நினைத்ததைவிடக் குரல் உயர்ந்துவிட்டது.

அதிகாரி தாளை எட்டிப் பார்த்தார். அவர் முகத்தில் கள்ளம் இல்லை. "பாய்தாங்க போன் பண்ணிச் சொன்னாரு. திங்கக்கெழம. நாங்க மூணு பேர்னு மெயில்ல இருக்கேன்னு கேட்டோம். இல்ல, ரெண்டுதான்னு உறுதியா சொன்னாரு. லீகல்ல சொல்லி மாத்தச் சொன்னேன்."

நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் ஒன்பதாம் பக்கத்தில் கையெழுத்தை முடித்து நிமிர்ந்தார்.

"ஆமாம்மா. நாந்தான் சொன்னேன். ரெண்டாவது தடவ டைப் அடிச்சு வந்தத பாத்தேன், மூணுன்னு போட்டிருந்துச்சு. கணக்குத் தெரியாத யாரோ அடிச்சிட்டாங்கன்னு நெனச்சேன். ரெண்டு பேருன்னு எழுதுனாத்தான மூணு பேரு வருவாங்க?"

அதிகாரிக்குப் புரியவில்லை. எனக்கும் அண்ணிக்கும் புரிந்தது. அண்ணியின் சிரிப்பு நின்றுவிட்டது.

"மூணாவது ஆள எழுதிக் கேட்டா, அவரு வரமாட்டாருன்னு நாமளே சொல்ற மாதிரி," என்றார் அண்ணன் அதிகாரியிடம், ஊர் வழக்கத்தை விளக்கும் நிதானத்தோடு. "எங்க பக்கம் அது அவமரியாதங்க."

நான் சட்டம் பேசத் தொடங்கினேன். நடுவர்களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்கக் கூடாது என்று சட்டத்தின் பத்தாம் பிரிவு சொல்கிறது. இரண்டு என்று எழுதிவிட்டால் ஒப்பந்தம் செத்துவிடும் என்பதில்லை, ஆனால் தகராறு வரும் நாளில் அரிசியைப் பற்றிப் பேசுவதற்கு முன் எத்தனை பேர் என்பதற்கே நீதிமன்றப் படி ஏற வேண்டியிருக்கும். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் நின்றுவிட்டால் முடிவு சொல்ல ஆளில்லை. அண்ணன் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினார். அவர் கேட்டது என் குரலை மட்டுமே என்று தெரிந்தது.

"மேடம், இத விட்டுடலாமா?" என்றார் அதிகாரி மெதுவாக. "தப்பா நெனச்சுக்காதீங்க. இன்னைக்கு சைன் ஆகலைன்னா எனக்கே கஷ்டம். திருவாரூர் பக்கம் ரெண்டு மில்லு ரெடியா நிக்குது. அறுப்பு ஆரம்பிச்சிடுச்சு. எங்க மேல உள்ளவங்க காத்துட்டு இருக்க மாட்டாங்க."

"கேட்டியா," என்றார் அண்ணி. குரலில் பயம் இருந்தது. வாரம் மூன்று நாள் அண்ணனை அழைத்துக்கொண்டு பேருந்திலும் வாடகைக் காரிலும் அலைபவர் அவர். ஆலை நின்றால் என்ன ஆகும் என்பதை எல்லோரையும்விட அவர் அறிவார். "போட்டுக் குடுத்துடுங்க. பின்னாடி பாத்துக்கலாம்."

அப்போதுதான் எனக்குச் சொல்ல வேண்டியது சட்டமில்லை என்று பட்டது. நாற்காலியை அண்ணன் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"அண்ணே, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நம்ம ஊர்ல மூணாவது நாற்காலிக்கு யாரு வருவா?"

"முத்தவல்லி."

"இவங்களுக்கும் நமக்கும் தகராறு வந்தா, மூணாவது ஆளு எந்தப் பள்ளிவாசல்லேர்ந்து வருவாரு?"

அண்ணனின் பேனா தாளுக்கு மேலே நின்றது. பிறகு அதிகாரியை, முதல்முறை பார்ப்பவரைப்போல், நெடுநேரம் பார்த்தார். அந்த மனிதர் என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு புன்னகையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஒங்களுக்கும் எங்களுக்கும் பொதுவுல யாருமே இல்லையோ," என்றார் அண்ணன். அது கேள்வியல்ல.

"நீ என்கிட்ட இத அப்பவே சொல்லியிருக்கலாம்மா," என்று என் பக்கம் திரும்பினார். "திருத்திட்டு கம்முனு இருந்துட்டியே."

"தப்புதாண்ணே."

பேனாவை மூடினார். "மூணுன்னு போடச் சொல்லுங்க, தம்பி."

இதற்குள் நான் இன்னொன்றையும் கண்டிருந்தேன். ஒப்பந்தத்தின் முடிவில் இணைப்புகளின் பட்டியல் இருக்கும். பட்டியலையும் கையிலுள்ள தாள்களையும் எண்ணி ஒப்பிடுவது என் பழக்கம். வரைவுகளில் நான்காவது இணைப்பு, 'பொது நிபந்தனைகள்', பட்டியலில் மட்டும் இருந்தது. இரண்டு முறை மின்னஞ்சலில் கேட்டிருந்தேன். இன்றுதான் அது சேர்ந்து வந்திருந்தது, சிறிய எழுத்தில் ஆறு பக்கம். அதன் கடைசிப் பக்கத்தில், விசாரணை நடக்கும் இடம் மும்பை, மும்பை நீதிமன்றங்களுக்கே அதிகாரம் என்றிருந்தது. அதற்கும் கீழே ஒரு வரி: ஒப்பந்தத்துக்கும் இணைப்புக்கும் முரண் வந்தால் இணைப்பே செல்லும். இருபத்திரண்டாம் பிரிவில் இரண்டு மாதம் நான் இழைத்ததை அந்த ஒற்றை வரி துடைத்துவிடும்.

தாளை அதிகாரியிடம் நீட்டினேன். அவர் படித்தார்; மறுபடி படித்தார். "இது எல்லா மில்லுக்கும் போடுற ஸ்டாண்டர்ட் பேப்பர் மேடம். நான் கூட இத முழுசா..." என்று நிறுத்திக்கொண்டார்.

"எங்க அண்ணனுக்கு நாளைக்கு டயாலிசிஸ்," என்றேன். "ஒரு நாள் விட்டு மறுபடி. மும்பைக்குப் போய்ட்டு வர்ற நாள் அவருக்கு வாரத்துல கெடையாது. இந்தப் பக்கம் அப்படியே இருந்தா, தகராறு வர்ற அன்னைக்கு அவரு பேச்ச யாரும் கேக்காமயே முடிஞ்சுடும்."

அவர் எழுந்து வெளியே போய்த் தொலைபேசியில் பேசினார். கண்ணாடிக் கதவு வழியாக அவர் தலையாட்டுவதும், கையை விரிப்பதும், மறுபடி நடப்பதும் தெரிந்தது. அண்ணி அண்ணனுக்குத் தண்ணீர் பாட்டிலைத் திறந்தார், அளவு பார்த்து இரண்டு மிடறு கொடுத்தார், மூடி வைத்தார். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று மருத்துவர் வகுத்திருந்தார். கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் போனது. திருவாரூர்ப் பக்கத்து இரண்டு ஆலைகளையும் நான் மனத்தில் பார்த்துக்கொண்டிருந்தேன். என் அடிக்கோலால் அண்ணனின் ஆலை நின்றுபோனால் என்ற நினைப்பில், ஒப்பிட்ட பக்கத்தையே மறுபடி ஒப்பிட்டேன்.

அதிகாரி திரும்பி வந்து நாற்காலியில் அமர்ந்தார். "மூணு பேர் ஓகே. வெளிய புது ப்ரிண்ட் எடுத்துக்கச் சொன்னாங்க. அனெக்சர்ல மும்பைன்னு வர்ற ரெண்டு வரியையும் அடிச்சுட்டு ரெண்டு பேரும் பக்கத்துல கையெழுத்துப் போட்டுக்கலாம்."

"முரண் வந்தா இணைப்புங்கிற வரி?"

அவர் சிரித்துவிட்டார். "அதையும்தான் மேடம். முரண் வந்தா ஒப்பந்தம்னு எழுதிக்கலாம்."

இருபத்திரண்டாம் பிரிவு இருந்த பக்கம் புதிதாக அச்சாகி வந்தது. இணைப்பில் அடித்த ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் இரு தரப்பும் சுருக்கொப்பம் இட்டனர், இரண்டு பிரதியிலும். புதுப் பக்கத்தை நான் உதடு அசையப் படித்தேன். அண்ணி இம்முறை அடிக்கோலை எடுத்து என் கையில் கொடுத்தார். அதிகாரி ரயிலைத் தவறவிட்டுப் பேருந்தில் போனார்.

இரண்டு சம்பாவுக்குப் பிறகு தகராறு வந்தது. அறுவடை நேரத்து மழையில் நனைந்த நெல்லை அவர்களே அனுப்பியிருந்தார்கள். அரிசி மஞ்சளாகப் பழுத்து வந்தபோது அரவையில் குறை, ஒப்பந்த மீறல் என்றார்கள். ஆலையின் நிர்வாகத்தைக் கேட்டு நோட்டீஸ் வந்தது. அவர்கள் ஒருவரை நியமித்தார்கள், நாங்கள் ஒருவரை. அந்த இருவரும் பதினைந்து நாளில் மூன்றாமவரைத் தேர்ந்தெடுத்தார்கள்: ஓய்வு பெற்ற மாவட்ட நீதிபதி, ஒரு பெண்மணி. எங்கள் ஊர்ப் பேரைக்கூட அதற்கு முன் கேட்டிராதவர். தஞ்சாவூரில் ஒரு விடுதியின் சிறிய கூடத்தில், திங்களும் புதனும், அமர்வுகள் நடந்தன.

அண்ணன் இரண்டு பொட்டலம் அரிசியோடு போனார். ஒன்றை இடது உள்ளங்கையிலும் இன்னொன்றை வலது உள்ளங்கையிலும் கொட்டிக்கொண்டு மூன்று பேர் முன்னால் நின்றார். நனைந்த நெல் ஊறல் தொட்டிக்கு வருமுன்பே எப்படி நிறம் மாறும் என்பதை அரை மணி நேரம் சொன்னார். ஊசி குத்திக் குத்தித் தடித்த அந்தக் கையை நான் பின் வரிசையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். தலைமை நடுவர் தன் கையை நீட்டி அரிசியை வாங்கிப் பார்த்தார்.

மீறல் எங்கள் பக்கம் இல்லை என்று தீர்ப்பு வந்தது. இரண்டு பேர் ஒரு பக்கம், அவர்கள் நியமித்தவர் மறுபக்கம். ஆலை எங்கள் கையில் நின்றது.

தீர்ப்பின் நகலை மருத்துவமனைக் கட்டிலருகே வைத்து அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டவர், "அந்த அம்மாவுக்கு யாராவது ஒரு நல்ல சேர் போட்டிருக்கலாம்," என்றார். "பிளாஸ்டிக் சேர்லயே ஒக்காந்திருந்தாங்க."

அடுத்த குறுவைக்கு அவர் இல்லை.

இப்போது ஆலைக்கு வரும் தாள்களில் அண்ணி கையெழுத்துப் போடுகிறார். போடுவதற்கு முன், "நீ பாத்துட்டியா?" என்று என்னைக் கேட்கிறார். பார்த்ததோடு நிற்காமல், எதைத் திருத்தினேன், ஏன் திருத்தினேன் என்று அவருக்குச் சொல்லிவிட்டுத்தான் தாளைக் கொடுக்கிறேன். மூன்று பேர் இருந்த ஆலைக்கு இப்போது நாங்கள் இரண்டு பேர்.